கற்பனைக் கவிஞருக்கு முதலில் ஒரு கவிதை வேண்டும்

கேள்வி: "உயர்நிலை மூன்றுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் மாணவர்கள் மூவர் ஒரு கற்பனைக் கவிஞரைப் பேட்டி எடுப்பதுபோல 8 நிமிடக் காட்சி எழுதுகிறோம். ஏன் இந்தச் சொல், ஏன் இப்படி முடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் எதைக் கேட்டாலும் கவிஞர் 'மனதில் தோன்றியது, எழுதினேன்' என்கிற மாதிரியே பதில் சொல்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது?"

உங்கள் கவிஞருக்குப் பெயர் வைத்திருப்பீர்கள், வயது, வேலை, அவர் வாங்கிய பரிசுகள்கூட முடிவாகியிருக்கும். அவர் எழுதிய கவிதை ஒன்று உங்கள் கையில் முழுதாக இருக்கிறதா? மாணவர்களுக்குக் கவிதைப் பயிலரங்கு நடத்துகிறேன், பள்ளி மேடைகளுக்கு உரையாடலும் எழுதித் தருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இப்படிப்பட்ட பேட்டிகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கவிஞர் இருக்கிறார், கவிதை இல்லை. அல்லது பேட்டியை எழுதி முடித்தபிறகு, மேடையில் வாசிக்க ஏதாவது வேண்டுமே என்று கடைசியில் நாலு வரி சேர்க்கப்படுகிறது. கவிதையே இல்லாதபோது "ஏன் இந்தச் சொல்" என்ற கேள்விக்கு அவர் எதைப் பார்த்துப் பதில் சொல்வார்? "தோன்றியது" என்றுதான் சொல்ல முடியும்.

திருவிளையாடலில் வரும் தருமியை நினைத்துப் பாருங்கள். பாட்டை வாங்கிக்கொண்டு பாண்டியன் சபைக்குப் போகிறான். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரர் கேட்டதும் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பாட்டை எழுதியவன் அவன் இல்லை. எந்தச் சொல்லை முதலில் நினைத்தோம், எதைத் தள்ளினோம் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். உங்கள் கற்பனைக் கவிஞர் இப்போது தருமி நிலையில் நிற்கிறார். நக்கீரரின் கேள்வியையும் கவனியுங்கள். "உங்களுக்கு எது தூண்டுதல்" என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலிருக்கும் ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு, இது நடக்கக்கூடியதா என்று கேட்கிறார். உங்கள் மாணவர்கள் கேட்க வேண்டியதும் இந்த வகைக் கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "தோன்றியது, எழுதினேன்" என்பது பொய்யான பதில் இல்லை. நிஜக் கவிஞர்களைக் கேட்டாலும் பல வரிகளுக்கு அதைத்தான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஒரு வரி எங்கிருந்து வந்தது என்பது எழுதியவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஆனால் வந்த வரியை ஏன் வைத்துக்கொண்டார், பக்கத்து வரியை ஏன் அடித்தார் என்பதற்குப் பதில் இருக்கும். ஏனென்றால் அது அவர் விழித்திருந்து செய்த வேலை. அதனால் "ஏன் இப்படி எழுதினீர்கள்" என்பதை "இங்கே முன்னால் என்ன இருந்தது, ஏன் மாற்றினீர்கள்" என்று திருப்பிவிட்டால் போதும், கவிஞருக்கு வாய் திறக்கும். அப்படித் திருப்ப வேண்டுமானால் "முன்னால் இருந்தது" என்று ஒன்று நிஜமாகவே இருக்க வேண்டும். ஆகவே பேட்டியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு ஒரு கவிதையையும் அதன் வரைவுகளையும் முதலில் எழுதுங்கள். 10 வரிக்கு மேல் வேண்டாம். குறைந்தது மூன்று வரைவு இருக்கட்டும். பேட்டி காணும் அதே மூவரும் சேர்ந்து எழுதினால் நல்லது, எந்த இடத்தில் சண்டை வந்தது என்பது அவர்களுக்கே நினைவில் நிற்கும்.

எப்படி என்று காட்ட ஒரு கவிதையை நானே எழுதிப் பார்க்கிறேன். பழைய வீவக புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. புளோக்கின் அமைப்பைப் பொறுத்து ஒன்று, ஐந்து, ஒன்பது என்று சில மாடிகளில் மட்டும் நிற்கும். நான்காம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி ஒரு மாடி படியில் இறங்கி வர வேண்டும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு இந்த நிலை மெல்ல மாறியது. உங்கள் மாணவர்களில் பலர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நம் கவிஞர் தன் பாட்டியைப் பற்றி எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

என் பாட்டி நான்காம் மாடியில் குடியிருந்தார்.
மின்தூக்கி அங்கே நிற்காது.
ஐந்தாம் மாடியில் இறங்கி
கனமான பையைத் தூக்கிக்கொண்டு
படியில் இறங்கி வருவார்.
இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது.
ஆனால் பாட்டி இல்லை.

செய்தி முழுவதும் இதில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கவிஞரே சொல்லிவிடுவதால் படிப்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அதுதான் குறை. இரண்டாவது வரைவில் இறுக்குகிறார்:

ஐந்தில் இறங்கி
ஒரு மாடி கீழே நடப்பார் பாட்டி
சந்தைப் பையோடு.
இப்போது நான்கிலும் நிற்கிறது மின்தூக்கி.
கதவு திறக்கிறது.
யாரும் வெளியே வரவில்லை.
கதவு மூடுகிறது.

மூன்றாவது, கடைசி வடிவம்:

நிற்காத மாடி

ஐந்தில் இறங்கி
ஒரு மாடி கீழே நடப்பாள்
சந்தைப் பையோடு.

இப்போது
நான்கிலும் நிற்கிறது
மின்தூக்கி.

கதவு திறக்கிறது.
கதவு மூடுகிறது.

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 8 நிமிடம் பேசுவதற்கு இதில் போதுமான அளவு இருக்கிறது. மூன்று வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றங்கள் தெரியும். "ஆனால் பாட்டி இல்லை" போய்விட்டது. "கனமான பை" என்பது "சந்தைப் பை" ஆகிவிட்டது. "பாட்டி" என்ற சொல்லே காணாமல் போயிருக்கிறது, அதோடு "நடப்பார்" என்பது "நடப்பாள்" ஆகியிருக்கிறது. "யாரும் வெளியே வரவில்லை" அடிக்கப்பட்டிருக்கிறது. "மின்தூக்கி" தனி வரியாக வினைக்குப் பின்னால் போயிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கேள்விதான், ஆனால் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. இரண்டு மாற்றங்களை ஆழமாகக் கேட்டால் மேடையில் பேச்சு உயிரோடு இருக்கும், ஆறையும் தொட்டால் வினாத்தாள் வாசிப்பதுபோல ஆகிவிடும்.

முதல் கேள்வி தகவல் கேள்வியாக இருக்கட்டும்: "நாலாவது மாடிக்குப் போக ஏன் ஐயா அஞ்சுல இறங்கணும்?" 15 வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது என்பதால் கேள்வி இயல்பாக விழும், அதன் பதிலில் பார்வையாளர்களுக்கு வேண்டிய பின்னணியும் வந்துவிடும். கவிஞர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் உடனே சொல்லுக்குப் போய்விடலாம்.

மூன்று மாணவர்களும் ஒரே ஆள்போலப் பேசுவது இந்த மாதிரிக் காட்சிகளில் அடிக்கடி நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதத்தைக் கொடுத்துவிடுங்கள். யாழினிக்கு மனிதர்கள்தான் முக்கியம், மரியாதை, உறவு என்றே யோசிப்பாள். கவின் இலக்கணம் பார்ப்பவன். ஆதி எல்லாவற்றையும் நிஜத்தோடு ஒத்துப் பார்ப்பவன். முதல் பெரிய கேள்வியை யாழினி கேட்கிறாள்:

யாழினி: ஐயா, இவங்க வயசானவங்க மாதிரி தெரியுது. அவங்களப் போய் "நடப்பாள்"னு எழுதியிருக்கீங்களே. எங்க வீட்டுல அப்படிச் சொன்னா அம்மா திட்டுவாங்க.

கவிஞர்: எங்க வீட்டுலயும் திட்டுவாங்கம்மா. இதோ பாரு, இது ரெண்டாவது வரைவு. "நடப்பார் பாட்டி"ன்னுதான் இருக்கு.

யாழினி: அப்புறம் ஏன் மாத்தினீங்க?

கவிஞர்: மொதல்ல "பாட்டி"யத்தான் எடுத்தேன். அந்தச் சொல்லு இருந்தா, படிக்கிறவங்க அவங்கவங்க பாட்டிய கொண்டாந்து நிறுத்திடுறாங்க. வெள்ளை முடி, வெத்தலப் பெட்டி எல்லாம் தானா வந்துடுது. எனக்கு அந்தப் பையும் படியும் மட்டும்தான் வேணும்.

கவின்: ஆனா "பாட்டி"ய எடுத்துட்டா "நடப்பார்" யாரு? ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாதே.

கவிஞர்: அதேதான் தம்பி. "நடப்பார்"ல அது தெரியாது. "நடப்பாள்"னு வெச்சதும் தெரிஞ்சுடுச்சு.

யாழினி: ஆனா மரியாதை போயிடுச்சு.

கவிஞர்: போயிடுச்சு. அதுல எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னு வந்தப்ப, இத வெச்சுக்கிட்டேன்.

இந்தப் பகுதி ஏன் நிற்கிறது என்று பாருங்கள். கவிஞரின் ஒவ்வொரு பதிலிலும் அவர் தள்ளிய ஒரு சொல் இருக்கிறது. "நடப்பார்" என்று ஒன்று முன்னால் இருந்தது தெரிந்தபிறகுதான் "நடப்பாள்" ஒரு முடிவு என்று பார்வையாளருக்குப் புரிகிறது. அந்த முடிவுக்கு ஒரு விலையும் இருக்கிறது. யாழினி கேட்டது சரி, கவிஞர் செய்ததும் சரி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. தமிழில் வினைமுற்றே ஆள் யார் என்று சொல்லிவிடுவதால்தான் எழுவாயை எடுத்துவிட முடிகிறது. எடுத்தபிறகு அந்த விகுதி ஒன்றே பால், மரியாதை இரண்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது. இதைக் கவிஞர் பாடமாக நடத்தினால் மேடை செத்துவிடும். கவின் கேட்ட கேள்விக்குள் அது ஒளிந்திருக்கட்டும்.

இரண்டாவது பெரிய கேள்வி ஆதியுடையது. காட்சி முழுவதும் இதை நோக்கித்தான் போக வேண்டும் என்பது என் கருத்து:

ஆதி: ஐயா, எனக்கு ஒண்ணு புரியல. வீட்டுல யாரும் இல்ல, சரி. அப்ப லிஃப்ட் ஏன் நாலாவது மாடியில நிக்குது?

கவிஞர்: இப்ப எல்லா மாடியிலயும் நிக்கும்ல.

ஆதி: நிக்கும். ஆனா சும்மா நிக்காது. யாராவது பொத்தானை அழுத்தணும். வெளியில நின்னு அழுத்தியிருக்கணும், இல்லன்னா உள்ள இருந்து அழுத்தியிருக்கணும்.

கவிஞர்: (வரைவைப் பார்க்கிறார்) ரெண்டாவது வரைவுல "யாரும் வெளியே வரவில்லை"ன்னு ஒரு வரி இருந்துச்சு.

கவின்: அத ஏன் அடிச்சீங்க?

கவிஞர்: கதவு தொறந்து மூடுறதுலயே அது தெரியுதேன்னு அடிச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்.

ஆதி: அந்த வரி இருந்தா, பேசுறவர் வெளியில நின்னு பார்க்குறாருன்னு ஆயிடும் ஐயா. அது இல்லன்னா, அவரு உள்ள இருக்கலாம்.

கவிஞர்: உள்ள இருக்கலாம்.

ஆதி: அவருதான் நாலை அழுத்தியிருக்காரு. கதவு தொறந்தும் அவரு இறங்கல.

கவிஞர்: இத நான் எழுதும்போது யோசிக்கல தம்பி. பொத்தானப் பத்தி நெனக்கவே இல்ல. ஆனா நீ சொன்னதுக்கு அப்புறம் அந்த வரியத் திரும்பப் போட மாட்டேன்.

இங்கே ஆதி செய்திருப்பது நக்கீரர் வேலைதான். மின்தூக்கி பொத்தான் அழுத்தாமல் நிற்காது என்ற சாதாரணச் செய்தியை வைத்துக்கொண்டு கவிதைக்குள் ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். கவிஞர் அந்த வரியை அடித்த காரணம் வேறு, அது கவிதைக்குச் செய்த நன்மை வேறு. இது நிஜமாகவே நடப்பது. ஒரு வரியை நீளம் கருதி வெட்டுவோம், வெட்டியதால் வேறு ஏதோ ஒன்று திறந்திருக்கும், அதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எல்லாம் தெரிந்தே செய்தேன் என்று சொல்லும் கவிஞரைப் பார்வையாளர்கள் நம்ப மாட்டார்கள். "அதை நான் யோசிக்கவில்லை" என்று காட்சியில் ஒரே ஒரு இடத்தில் சொன்னாலும் போதும், மற்ற பதில்களுக்கும் நம்பகத்தன்மை வந்துவிடும். எல்லாக் கேள்விக்கும் அப்படிச் சொன்னால் மறுபடியும் "தோன்றியது" கதைதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இது உங்க சொந்தப் பாட்டியா ஐயா?" என்ற கேள்வியை ஏதாவது ஒரு மாணவர் எழுதி வைத்திருப்பார், நிச்சயம் இருக்கும். அதை அடிக்க வேண்டாம், மனிதர்கள் இயல்பாகக் கேட்பதுதான். ஆனால் கவிஞர் "ஆமாம்" என்று சொல்லி ஒரு குடும்பக் கதையை ஆரம்பித்துவிட்டால் கவிதை அங்கேயே மறந்துபோகும். நம் மரபில் இதற்கு நல்ல துணை இருக்கிறது. அகப்பாடலில் வருபவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பேசுவது தலைவியாக இருக்கும், தோழியாக இருக்கும், எழுதிய புலவர் வேறு ஆளாக இருப்பார். நம் கவிஞர் இவ்வளவையும் சொல்ல வேண்டியதில்லை. "பேரு போடாம விட்டதே, யாரோட பாட்டியாவும் இருக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும்.

எழுதி முடித்தபிறகு இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, கவிதையை மறைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் படியுங்கள். ஒரு கேள்வியை வேறு எந்தக் கவிஞரிடமும் அப்படியே கேட்கலாம் என்றால் அது உங்கள் காட்சிக்கு உதவாது. "எத்தனை வயதில் எழுதத் தொடங்கினீர்கள்", "இளையர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்" போன்றவை இதில் முதலில் விழும். "பொத்தானை யார் அழுத்தினார்கள்" என்பதை இந்த ஒரு கவிதையிடம்தான் கேட்க முடியும். இரண்டாவது, கேள்வி பதில்களைத் தனித் தனித் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். எந்த வரிசையில் படித்தாலும் காட்சி ஓடுகிறது என்றால் அங்கே உரையாடலே இல்லை, மூன்று பேர் மாறி மாறிப் பட்டியல் வாசிக்கிறார்கள். ஆதியின் இரண்டாவது பேச்சு கவிஞரின் முதல் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது, அதை இடம் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட பிணைப்பு பாதிக் கேள்விகளுக்காவது இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் வரைவு வேண்டும், கேள்வி வரியிலிருந்து எழ வேண்டும் என்ற இரண்டையும் உறுதியாகச் சொல்வேன். அவற்றைச் செய்து பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கவிஞர்கள் தம் எழுத்துக்குச் சொல்லும் காரணங்கள் எவ்வளவு தூரம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எழுதி முடித்துக் கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால், அப்போது இல்லாத காரணம் ஒன்று இப்போது பொருத்தமாகத் தோன்றும், அதையே நம்பவும் தொடங்கிவிடுவோம். அதனால்தான் காரணத்தைவிட வரைவுத்தாளை நம்பச் சொல்கிறேன், தாளில் அடித்தது அடித்ததுதான். அதேபோலக் காட்சியின் முடிவில் ஆதி சொன்னதைக் கவிஞர் ஏற்றுக்கொள்ள வேண்டுமா, மறுக்க வேண்டுமா என்பதும் திறந்த விஷயம். "இல்ல தம்பி, அது யாரும் அழுத்தாம நின்ன லிஃப்ட்டு" என்று அவர் பிடிவாதம் பிடித்தாலும் நல்ல காட்சி வரும். உங்கள் மாணவர்கள் எதை நம்புகிறார்களோ அதை எழுதட்டும். ஒளி, இசை, மேடை நகர்வு எல்லாம் என் துறை இல்லை, நாடகம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவிஞருக்கு என்ன பெயர் வைப்பது என்று குழம்பினால் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் செய்ததைச் செய்யலாம். குறுந்தொகையின் 40ஆம் பாடலை எழுதியவரின் இயற்பெயர் கிடைக்காததால், அவர் பாட்டில் வரும் உவமையை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். 41ஆம் பாடல்காரர் அணிலாடு முன்றிலார் ஆனதும் அப்படித்தான். உங்கள் கவிஞர் "நிற்காத மாடியார்" ஆகட்டும். இதில் ஒரு வசதியும் உண்டு: இங்கே எழுதிக்கொண்டிருக்கும் எந்தக் கவிஞரையும் இவர் நினைவூட்ட மாட்டார், பெயரைக் கேட்டதும் பார்வையாளர்களுக்குக் கவிதையும் நினைவிருக்கும்.

பேச்சைப் பற்றி ஒரு சொல். கவிதை எழுத்துத் தமிழில் இருக்கிறது, உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். நம் பாடத்திட்டத்திலேயே பேச்சுத் தமிழுக்கு இடம் இருக்கிறது, மேடையில் மட்டும் ஏன் பிள்ளைகளை "கூறுங்கள் ஐயா" என்று பேசவைக்க வேண்டும்? இரண்டும் வேறு வேறு ஒலியில் இருந்தால்தான், கவிதை வாசிக்கப்படும்போது அது கவிதை என்று காது கண்டுகொள்ளும். கவிஞர் கவிதைக்குள் "மின்தூக்கி" என்று எழுதுவார், பேசும்போது "லிஃப்ட்" என்பார். அதைக் கவின் கேள்வியாகக் கேட்டால்கூட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு நேரம் இருக்காது.

நேரக் கணக்கு இப்படி: பிள்ளைகள் மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள், 8 நிமிடத்துக்கு 800 வரும். அதில் கவிதையை இரண்டு முறை முழுதாக வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் கவிஞர் வாசிக்கட்டும். பொத்தான் பேச்சு முடிந்ததும் ஆதி வாசிக்கட்டும், அப்போது கடைசி இரண்டு வரிகள் பார்வையாளருக்கு வேறு மாதிரி கேட்கும். வரைவைத் தேடி எடுப்பது, யோசிப்பது என்று இடைவெளிகளும் வேண்டும். ஆக, உரையாடலுக்கு 600 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். மேலே நான் எழுதிய இரண்டு பகுதிகளையும் உரக்கப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள், மீதி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று வரைவுகளையும் பின்னால் திரையில் காட்டுங்கள், ஆனால் ஒன்றாகக் காட்ட வேண்டாம். கவிஞர் எந்த வரைவை எடுத்துப் பேசுகிறாரோ அது மட்டும், பேசும் வரிக்கு அடியில் ஒரு கோட்டோடு வரட்டும். கவிஞராக ஆசிரியர் ஒருவர் நடித்தால் சுலபம்தான், ஆனால் மாணவர்களின் கேள்விகள் தயங்கித் தயங்கி வரும். முடிந்தால் உயர்நிலை நான்கிலிருந்து ஒரு மாணவரைக் கவிஞராக்குங்கள், கவிதை எழுதும்போதே அவரும் கூட உட்காரட்டும்.